5,400, 6,100, 7,000: எந்தப் பென்ஷன்?

"ஐயா, எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 60 லட்சம் இருக்கிறது. பி.எஃப். பென்ஷன் மாதம் 3,000 வருகிறது. சொந்த வீடு, கடன் இல்லை. மாதச் செலவு 35,000. முழுப் பணத்தையும் பென்ஷன் பாலிசியில் போடுங்கள், ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும், கடைசியில் போட்ட பணமும் பிள்ளைகளுக்குத் திரும்பும் என்கிறார் ஏஜென்ட். அவர் கொடுத்த தாளை இணைத்திருக்கிறேன். போடலாமா?"

— ஒரு வாசகர், திருப்பூர்

வணக்கம். தாளைப் பார்த்தேன். நான்கு வரிகளில் நான்கு எண்கள் இருக்கின்றன. 10 லட்சம் போட்டால் உங்கள் ஆயுளுக்கு மட்டும் மாதம் 7,000. அதே ஆயுளுக்கு, நீங்கள் போனபின் போட்ட பணம் திரும்புவதானால் 5,500. உங்கள் இருவரில் கடைசியாக இருப்பவர் வரை குறையாமல் வருவதானால் 6,100. இருவருக்குப் பிறகு பணமும் திரும்புவதானால் 5,400. ஏஜென்ட் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருப்பது அந்த 5,400-ஐ. 60 லட்சத்துக்கு அது மாதம் 32,400. பி.எஃப். பென்ஷனைச் சேர்த்தால் 35,400 ஆகிறது, உங்கள் செலவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. உங்களுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

போட வேண்டாம். முழுப் பணத்தையும் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், ஆனுவிட்டி எனப்படும் இந்த வகைப் பென்ஷன் பாலிசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தின் பென்ஷன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அந்த மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் வாங்கியது என்ன பொருள் என்றே தெரியாது. அதனால் முதலில் பொருளைப் பார்ப்போம்.

7,000 என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 84,000, அதாவது 10 லட்சத்தில் 8.4%. இதை வட்டி என்று நினைத்து வங்கி டெபாசிட்டோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த 84,000-க்குள் மூன்று பணம் கலந்திருக்கிறது. ஒன்று வட்டி. இரண்டு, உங்கள் அசலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருவது. மூன்றாவதுதான் வேறு எங்கும் கிடைக்காதது. உங்களோடு அதே வயதில் அதே பாலிசியை எடுத்து, சீக்கிரம் போய்ச்சேர்ந்தவர்கள் விட்டுச்சென்ற பங்கு. ஏலச்சீட்டில் தள்ளி எடுத்தவர் விட்ட தொகை மற்றவர்களுக்குப் பிரிகிறதல்லவா, அதுபோல. இங்கே முன்னால் போகிறவர் விட்டதை, நீண்ட நாள் இருப்பவர் வாங்கிக்கொள்கிறார்.

அதனால் இந்தப் பாலிசியில் உண்மையில் என்ன லாபம் என்பதை நீங்கள் எத்தனை வயது வரை இருக்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். போட்ட 10 லட்சத்தை எடுக்கவே ஏறக்குறைய 12 வருடம் ஆகும். 77 வயதில் போய்விட்டால் கிடைத்த லாபம் வருடத்துக்குச் சுமார் 3%. 85 வரை இருந்தால் சுமார் 6.4%. 95 வரை இருந்தால் 7.6%-க்கு மேல். வாகன இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு 'விபத்தே நடக்கவில்லை, பணம் வீண்' என்று யாரும் வருத்தப்படுவதில்லை. இங்கே விபத்து என்பது கையில் இருந்த பணம் தீர்ந்த பிறகும் உயிரோடு இருப்பது. 90 வயதிலும் முதல் தேதி பணம் வரும் என்பதற்குத்தான் விலை கொடுக்கிறீர்கள்.

இப்போது 'போட்ட பணம் திரும்பும்' என்ற வரிக்கு வருவோம். ஒவ்வொருவர் இறந்ததும் அவர் போட்டதை அப்படியே குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால், மிச்சமிருப்பவர்களுக்குப் பிரிக்க என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. அந்த மூன்றாவது பணம் முழுதாகப் போய்விடுகிறது. அசலிலிருந்து திருப்பித் தருவதும் போய்விடுகிறது. மிஞ்சுவது வட்டி மட்டும். பெயர் பென்ஷன் என்றாலும் உள்ளே இருப்பது ஆயுள் முழுக்க வட்டி மாறாத ஒரு டெபாசிட்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏஜென்ட்டிடம் அதே பாலிசிக்கு 50 வயதுக்காரருக்கு எவ்வளவு, 70 வயதுக்காரருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பணம் திரும்பும் வரியில் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். பணம் திரும்பாத வரியில் வயது ஏற ஏறத் தொகை தாவும். 60-ல் வாங்குவதைவிட 70-ல் வாங்கினால் கால் பங்குக்கு மேல் கூடும். வயதைப் பார்த்து மாறாத பென்ஷனில் ஆயுள் கணக்கு எதுவும் இல்லை என்று அர்த்தம். வெறும் வட்டிதான் வேண்டும் என்றால் 30, 40 வருடத்து மத்திய அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு வழியாக நீங்களே நேரடியாக வாங்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், அவசரத்துக்கு விற்கலாம். ஆனால் அன்றைய சந்தை விலைதான் கிடைக்கும்.

பணம் திரும்புவதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தனி ஆயுள் பாலிசியில் 7,000-க்கும் 5,500-க்கும் வித்தியாசம் 1,500, வருடத்துக்கு 18,000. இந்த 18,000-ஐ ஒவ்வொரு வருடமும் 6.5%-ல் போட்டுவந்தால் 25 வருடத்துக்குள் அதுவே 10 லட்சத்தைத் தாண்டிவிடும். உங்களுக்கு அப்போது 87. அதற்கு முன்னால் போனால் பணம் திரும்பும் பாலிசி எடுத்திருந்தது லாபம், பின்னால் போனால் நஷ்டம். அந்த 10 லட்சமும் இன்றைய 10 லட்சம் அல்ல. விலைவாசி வருடத்துக்கு 6% ஏறுவதாக வைத்தால், 25 வருடம் கழித்து அது இன்றைய 2.33 லட்சம் வாங்குவதைத்தான் வாங்கும்.

இருவர் பாலிசியில் கணக்கு வேறு மாதிரி வருகிறது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே 6,100-க்கும் 5,400-க்கும் வித்தியாசம் 700 மட்டும். உங்கள் மனைவி உங்களைவிட நான்கு வயது இளையவர், பெண்கள் பொதுவாகக் கூடுதலாக வாழ்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் வெகு தொலைவில்தான் என்று நிறுவனம் கணக்குப் போடுகிறது. அதனால் திருப்பித் தருவதாகச் சொல்லும் 10 லட்சம் அவர்களுக்கு இன்றைக்கு ரொம்பப் பெரிய சுமை இல்லை. மாதம் 700-ஐச் சேர்த்து 6.5%-ல் வளர்த்தால் 10 லட்சம் ஆக 34 வருடம் பிடிக்கும், மனைவிக்கு 92 வயது. ஆக வட்டம் போட்ட 5,400 ஏமாற்று விலை இல்லை. உங்கள் ஏஜென்ட்டைத் திட்டவும் நான் எழுதவில்லை. கேள்வி வேறு: அந்த 10 லட்சம் யாருக்கு? பிள்ளைகளுக்கு. மாதம் 700 யாருக்கு? நீங்கள் இல்லாத வீட்டில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு நிற்கப்போகும் உங்கள் மனைவிக்கு. வீடும் மிச்சப் பணமும் எப்படியும் பிள்ளைகளுக்குத்தான் போகப்போகிறது. நான் 6,100-ஐத்தான் எடுப்பேன்.

அதற்கும் ஒரு ஆபத்து உண்டு. ஐந்தாறு வருடத்தில் இருவரும் போய்விட்டால் மிச்சம் முழுதும் நிறுவனத்தோடு நின்றுவிடும். அந்த எண்ணமே தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் 700-ஐ விட்டுக்கொடுத்து 5,400 எடுங்கள், தப்பில்லை. இன்னொன்றும் அதில் உண்டு. பணம் திரும்பும் வகையில்தான் பெரும்பாலும் அவசரத்துக்குப் பாலிசியைச் சரண்டர் செய்யவோ அதன்மேல் கடன் வாங்கவோ வழி இருக்கும். திரும்பாத வகையில் போட்ட பணம் போட்டதுதான், ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் எடுக்க முடியாது. சரண்டர் செய்தால் முழு 10 லட்சம் வரும் என்றும் எண்ணிவிடாதீர்கள், அன்றைக்கு நிறுவனம் நிர்ணயிக்கும் தொகைதான் வரும்.

7,000-ஐ நான் ஏன் தொடக்கூட வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு நாள் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். பைக்குள் கணவரின் இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்திருந்த பாலிசி. 'மூணு மாசமா பென்ஷன் வரலைங்க சார், எந்த ஃபாரம் கொடுக்கணும்?' என்று கேட்டார். முதல் பக்கத்தில் விருப்பத் தெரிவு என்ற கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து இருந்தது: 'ஏ'. தனி ஆயுள், பணம் திரும்பாது. நான்கு வருடம் முன்பு அந்த மனிதர் தாளில் பெரிய எண் எதுவோ அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கொடுக்க எந்த ஃபாரமும் இல்லை. அந்த அம்மா நம்பவில்லை, மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜரும் அதையேதான் சொன்னார். மனைவிக்குத் தனி வருமானம் இல்லாத வீட்டில் அந்தப் பெரிய எண் வேண்டாம்.

இனி 60 லட்சத்துக்கு வருவோம். ஆனுவிட்டியின் பெரிய குறை, தொகை ஏறாது என்பது. இன்றைய 35,400 பன்னிரண்டு வருடம் கழித்தும் 35,400-தான். 6% விலைவாசியில் இன்றைய 35,000 ரூபாய்க் குடும்பத்துக்கு அப்போது 70,000 தேவைப்படும். வருடத்துக்கு 3% ஏறும் வகையும் விற்கிறார்கள். ஆனால் ஆரம்பத் தொகை குறைவாக இருக்கும், அந்த 3% முதல் வருடத் தொகையின் மேல் கணக்கிடும் தனி வட்டி மாதிரி, வட்டிக்கு வட்டி கிடையாது. விலைவாசியை அது துரத்திப் பிடிக்காது. ஆகவே எல்லாவற்றையும் பூட்டிவிட்டால், 74 வயதில் பாதிச் சம்பளத்தில் வாழும் ஆளாகிவிடுவீர்கள்.

அடுத்தது, உங்கள் வயதில் ஆனுவிட்டியைவிட நல்ல வட்டி தரும் இடமே இருக்கிறது. தபால் நிலையத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 வயது ஆனவர் 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், மேற்கொண்டு மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம். 2025-ல் அதன் வட்டி 8.2%. 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, மாதக் கணக்கில் 20,500. தபால் நிலைய மாதாந்திர வருமானத் திட்டம் அதே வருடம் 7.4%, கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை. இரண்டிலும் அரசு காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும், ஆனால் நீங்கள் போட்ட அன்று இருந்த வட்டி உங்கள் ஐந்து வருடத்துக்கு மாறாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம், மாதம் 20,500. மாதாந்திர வருமானத் திட்டத்தில் 9 லட்சம், மாதம் 5,550. இருவர் ஆயுளுக்குமான, பணம் திரும்பாத ஆனுவிட்டியில் 10 லட்சம், மாதம் 6,100. பி.எஃப். பென்ஷன் 3,000. கூட்டினால் 35,150. ஏஜென்ட்டின் திட்டத்தைவிட மாதம் 250 ரூபாய்தான் குறைவு. கையில் இன்னும் 11 லட்சம் மிச்சம். அதில் 4 லட்சத்தை மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் என்று வங்கியில் வைத்துவிட்டு, 7 லட்சத்தைப் பங்குச் சந்தையும் கடன் பத்திரமும் கலந்த மியூச்சுவல் ஃபண்டில் ஏழெட்டு வருடம் தொடாமல் விடுங்கள். அது ஏறலாம், நடுவில் இறங்கவும் செய்யலாம், அதனால்தான் மாதச் செலவை அதன் தலையில் ஏற்றவில்லை. விலைவாசிக்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில் அந்த 7 லட்சம்தான். இன்னும் கொஞ்சம் செலவைச் சுருக்கி அதைக் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வரி. ஆனுவிட்டியாக வருவது முழுதும் வருமானம், உள்ளே உங்கள் அசலே இருந்தாலும் விலக்கு கிடையாது. உங்கள் மொத்த வருமானம் நாலேகால் லட்சம் அளவில்தான் வரும், புதிய வரி முறையில் வரி கட்ட வேண்டியிருக்காது. வட்டியில் வரி பிடித்தம் செய்யாமலிருக்க வருடா வருடம் ஏப்ரலில் அதற்கான படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனுவிட்டியை 10 லட்சத்தோடு நிறுத்துவது இப்போதைக்குத்தான். மூத்த குடிமக்கள் திட்டம் முதிரும்போது உங்களுக்கு 67, மனைவிக்கு 63. அப்போது இன்னொரு 10 லட்சத்துக்கு வாங்குங்கள். 72-ல் மூன்றாவது. வயது ஏறியதால் ஒவ்வொரு முறையும் அதே பணத்துக்குக் கூடுதல் பென்ஷன் கிடைக்கும். நாட்டில் வட்டி விகிதம் இறங்கிவிட்டால் அந்தக் கூடுதலில் கொஞ்சம் போகலாம், அதனால்தான் முழுக்கக் காத்திருக்காமல் இப்போதே ஒரு பங்கு. 75-க்கு மேல் ஆனுவிட்டியின் அருமை வேறு விதமாகத் தெரியும். டெபாசிட்டைப் புதுப்பிக்க, ஃபண்டை விற்க, யாரிடமாவது கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய வயது அது. வீட்டில் பெரிய தொகை சும்மா கிடக்கிறது என்று தெரிந்தால் தொழில் தொடங்க, நிலம் வாங்க என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு, பெற்ற பிள்ளையாக இருந்தால் மறுப்பதும் கஷ்டம். எடுக்க முடியாத பணத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

தாளின் பின்பக்கம் ஏஜென்ட் கையால் எழுதியிருக்கும் '11.5%' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த முறை அதைத்தான் அவர் காட்டுவார். அது பத்து வருடம் கழித்துத் தொடங்கும் பென்ஷன். இன்று 10 லட்சம் போட்டால், பத்து வருடம் ஒன்றும் வராது, பிறகு வருடத்துக்கு 1,15,000. 10 லட்சத்தைப் பத்து வருடம் 6.5%-ல் சும்மா விட்டாலே 18.77 லட்சம் ஆகியிருக்கும். 18.77 லட்சத்துக்கு 1,15,000 என்றால் 6.1%. காத்திருந்த வருடங்களை மறைத்துவிட்டுச் சொல்வதால்தான் எண் பெரிதாகத் தெரிகிறது.

வாங்கும்போது விண்ணப்பத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள், விருப்பத் தெரிவைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். இருவர் பாலிசியிலேயே இரண்டு வகை உண்டு: உங்களுக்குப் பிறகு மனைவிக்குப் பாதி வருவது, முழுதும் வருவது. பாதி வகையில் எண் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கவனம் தப்பினால் அது வந்து உட்கார்ந்துவிடும். பாலிசி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் பாருங்கள். தெரிவு எழுத்து, அதற்கு எதிரே '100%' என்ற சொல், மனைவியின் பெயர், பிறந்த தேதி. ஆதாரில் ஒரு தேதி, பாலிசியில் ஒரு தேதி என்று இருந்தால் இருபது வருடம் கழித்து அவர்தான் அலைய வேண்டும். தப்பிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு தெரிவை மாற்றவே முடியாது.

பென்ஷன் தொடர நிறுவனம் அவ்வப்போது உயிர்வாழ் சான்றிதழ் கேட்கும், கொடுக்காவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பணம் எங்கும் போகாது, சான்று கொடுத்ததும் பாக்கியோடு வரும். ஆனால் அந்த இரண்டு மூன்று மாதம் வீட்டில் பதற்றம்தான். எந்த மாதம் கொடுக்க வேண்டும், எந்த அலுவலகம், எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதைப் பாலிசி அட்டையின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மனைவியின் பெயரில் தனி வங்கிக் கணக்கு இல்லையென்றால், ஆனுவிட்டி விண்ணப்பம் போடுவதற்கு முன்பு அதைத் திறந்துவிடுங்கள்.